ஒரு லேத் மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

எக்செல் சால்வரில் `Simplex LP` தேர்ந்தெடுத்துத் தீர்வு கண்டதும், பக்கத்தில் வரும் `Sensitivity` என்பதைச் சொடுக்குங்கள். முழு எண் கட்டுப்பாடு போட்டிருந்தால் இந்த அறிக்கை வராது. அதை நீக்கிவிட்டு ஓட்டுங்கள்.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஷாஃப்டுக்கு லேத்தில் 3 மணி, மில்லிங்கில் 1 மணி. லாபம் 500 ரூபாய். ஒரு கப்ளிங்குக்கு இரண்டிலும் 2 மணி, லாபம் 400. வாரத்துக்கு லேத் 240 மணி, மில்லிங் 160 மணி. ஷாஃப்ட் ஆர்டர் 60தான். விடை: 40 ஷாஃப்ட், 60 கப்ளிங், லாபம் 44,000.

அறிக்கையின் கீழ் அட்டவணையில் லேத் வரிசையைப் பாருங்கள். `Shadow Price` 150, `Allowable Increase` 40. இந்த 150தான் நிழல் விலை. லேத் நேரம் 241 ஆனால் லாபம் 44,150 ஆகும். நம்பிக்கை வராவிட்டால் 241 போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். லேத் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் கூலி, ஓவர்டைமுக்கு இரட்டிப்பாக 240. "கிடைப்பது 150, கொடுப்பது 240, நஷ்டம்" என்று ஓவர்டைமை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குமுன் ஒன்றைக் கேட்க வேண்டும்: 500, 400 என்று போட்ட லாபத்தில் அந்த 120 ஏற்கெனவே கழிந்திருக்கிறதா?

கழிந்திருந்தால், 150 என்பது வழக்கமான கூலியைக் கொடுத்தபின் மிஞ்சுவது. ஒரு மணிக்கு 120 + 150 = 270 வரை கொடுக்கலாம். 240 கொடுத்தாலும் 30 ரூபாய் மிச்சம். கூலி மாதச் சம்பளமாகப் போய், லாபக் கணக்கில் கழிக்கப்படவில்லை என்றால் மட்டுமே 150 முழு வரம்பு. அப்போது 240 நஷ்டம்தான். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே 150தான் தெரியும். லாப எண்ணைப் போட்டவரிடம் கேட்டு, அதே தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்து அந்த 40. லேத் 280 மணியைத் தொட்டதும் ஷாஃப்ட் 60 ஆகி ஆர்டர் தீர்ந்துவிடும். கப்ளிங்கைக் கூட்டலாமென்றால் மில்லிங்கில் நேரம் இல்லை. 281ஆவது மணிக்கு மதிப்பு பூஜ்யம். 80 மணி ஓவர்டைம் எடுத்து 80 × 150 என்று பெருக்காதீர்கள். முதல் 40 மணிக்கு 6,000 கிடைக்கும், மீதி 40 மணிக்குக் கூலிதான் போகும்.

மில்லிங்குக்கு நிழல் விலை 50. லேத்தையும் மில்லிங்கையும் சேர்த்துக் கூட்டுவதானால் இரண்டு `Allowable Increase`-ஐயும் முழுதாக நம்ப முடியாது. ஒவ்வொன்றும் மற்றது மாறாமல் இருக்கும்போது சொன்ன வரம்பு. புது எண்களைப் போட்டு மறுபடி தீர்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.