முன்னும் பின்னும் ஓடும் காவிரி

காவிரி வழக்கைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தந்து, மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரும்படி எங்கள் தமிழ்ப் பேராசிரியர் பணித்தார். அக்கட்டுரை 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தொடங்கி, 1924 ஒப்பந்தத்திற்குத் தாவி, 1991க்கு வந்து, மீண்டும் 1974க்குப் பின்வாங்கி, 2007இல் முடிந்தது. கால வரிசையில் சுருக்குவதா, பொருள் வாரியாகச் சுருக்குவதா என்று திகைத்தேன்.

ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் ஆண்டைக் குறித்து, ஆண்டுப்படி அடுக்கினேன். சில விதிகளை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனை செய்யலாம் என்பது 1924 ஒப்பந்தம். ஆகவே 1974இல் பிரச்சினை மூண்டது. பேச்சுகள் பலிக்கவில்லை, ஆகவே 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. இங்கே ஒன்றைக் கண்டுகொண்டேன். இரு செய்திகளுக்கு நடுவே ‘ஆகவே’ பொருந்தினால் கால வரிசையைக் கலைக்கக் கூடாது. ‘பின்னர்’ மட்டுமே பொருந்தினால் கலைக்கலாம்.

எழுதியதை அன்றிரவு வீட்டில் படித்துக் காட்டினேன். என் தந்தையார் எழுத்தறியாதவர். மூன்று மா நிலத்தில் குறுவை போடுபவர். “அதெல்லாம் சரி தம்பி, நமக்கு எவ்வளவு தண்ணி?” என்றார். என் சுருக்கத்தில் அதற்கு விடை மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது!

ஆகையால் நீரின் அளவுகளை மட்டும் ஓரிடத்தில் திரட்டினேன். 1991 இடைக்கால ஆணையில் 205 டி.எம்.சி., 2007 இறுதித் தீர்ப்பில் 192, 2018இல் 177.25. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி.) “முதலில் 13 போச்சு, பிறகு 14.75 போச்சு” என்று கணக்கும் சொல்லிவிட்டேன். மூலத்தை மறுபடி படித்தபோது வெட்கமாயிற்று. 205 என்பது மேட்டூர் அணைக்கு வந்து சேர வேண்டிய அளவு. மற்ற இரண்டும் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளப்பவை. இடையில் நம் பகுதியில் பெய்யும் மழைநீரும் மேட்டூருக்குத்தான் வருகிறது. எனவே 205இலிருந்து 192ஐக் கழிப்பது தவறு, 192இலிருந்து 177.25ஐக் கழிப்பது சரி. பொருள் வாரியாகத் திரட்டும்போது எண், தான் பிறந்த பத்தியை விட்டுப் பிரிந்து வருகிறது. ஆண்டையும் அளக்கும் இடத்தையும் கூடவே எடுத்து வராவிட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

முடிவில், 1990 வரை கால வரிசையாகவும், அதன் பிறகு அளவு என்ற ஒரே தலைப்பின் கீழும் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் ஒரே ஓர் இடத்தில் சிவப்பு மையால் சுழித்திருந்தார். மூலத்திலிருந்து அப்படியே எடுத்த ‘அப்போது’ என்ற சொல் அது. “எப்போது?” என்று பக்கத்தில் எழுதியிருந்தார். மூலத்தில் அதற்கு முந்திய பத்தி 1991. என் தாளிலோ 2007! அச்சொல்லை அடித்துவிட்டு ஆண்டை எழுதினேன்.

திருத்திய தாளைத் தந்தையாரிடம் படித்தேன். 2018 தீர்ப்பின்படி ஜூன் மாதப் பங்கு 9.19, ஜூலைக்கு 31.24 என்றதும் விரல் விட்டு எண்ணினார்.

“அப்ப நாத்து விடுற மாசத்துலதான் கொறச்சல்” என்றார்.