கோபத்தில் எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்தை எப்படித் திருத்துவது?

வீட்டுத்திட்டக் கொடுப்பனவு தாமதமானால் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்திலேயே கடிதத்தை எழுதி முடியுங்கள். ஆனால் அன்றைக்கே அனுப்பாதீர்கள். கோபத்தில் எழுதும்போதுதான் விடயங்கள் எல்லாம் ஒன்றும் விடுபடாமல் வெளியே வருகின்றன. ஆறின பிறகு எழுதுபவர்கள் பாதியை மறந்துவிடுகிறார்கள். அதனால் முதற் கடிதத்தைக் கிழித்தெறிய வேண்டாம். அதை வைத்துத்தான் இரண்டாவது கடிதத்தை எழுதப் போகிறோம்.

மீளக்குடியமர்ந்த ஒருவர் பிரதேச செயலாளருக்கு எழுதி வைத்திருந்த கடிதம் இது:

“நீங்கள் எல்லாம் மனிசரா? அத்திவாரம் போட்டு நாலு மாசமாச்சு, ரெண்டாம் கட்டக் காசு இன்னும் வரேல்லை. நாய் மாதிரி நாலு தரம் அலைய விட்டீங்கள். போற நேரமெல்லாம் கோவை இல்லை, ஐயா இல்லை என்ட கதைதான். பார்க்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் படலையில் நின்டு பார்த்திட்டுப் போனார், அளக்கவே இல்லை. வேணுமென்டு செய்த வேலை. எனக்குப் பிறகு அத்திவாரம் போட்ட ரெண்டு பேருக்குக் காசு வந்திட்டுது. அவைக்கு ஆள் இருக்கு, எங்களுக்கு ஆரும் இல்லை. காசு குடுத்தால்தான் கையெழுத்து வைப்பீங்களாம். கடனுக்கு வாங்கின 20 பை சீமெந்தும் கட்டியாகுது. தறப்பாளுக்குள்ள மூன்டு பிள்ளையளோட கிடக்கிறம், போன மழைக்கே தண்ணி உள்ளுக்க வந்திட்டுது. பிள்ளையளுக்கு ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு. பேப்பருக்குக் குடுப்பன்!”

இதை ஒரு உத்தியோகத்தர் வாசித்தால் முதல் வரியிலேயே மனம் மூடிவிடும். பதில் எழுதினாலும் ஏச்சுக்குத்தான் எழுதுவார், காசுக்கு எழுதமாட்டார். ஆனால் இந்தக் கடிதத்துக்குள் பலமான விடயங்கள் இருக்கின்றன. ஒரு பேனையை எடுத்து, நடந்தது என்று நீங்கள் சத்தியம் பண்ணக்கூடிய ஒவ்வொன்றின் கீழும் கோடிட்டு இலக்கம் போடுங்கள்.

அவருடைய கடிதத்தில் எட்டு விடயங்கள் கிடைத்தன: அத்திவாரம் முடிந்து நான்கு மாதம். இரண்டாம் கட்டப் பணம் வரவில்லை. நான்கு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் சொன்ன பதில். உத்தியோகத்தர் அளக்காமல் போனது. பின்னர் முடித்த இருவருக்குப் பணம் கிடைத்தது. கடன் சீமெந்து கட்டியாவது. தறப்பாள் கொட்டிலுக்குள் மூன்று பிள்ளைகள் இருக்க, தண்ணீர் வந்தது. திருத்திய கடிதத்திலும் இந்த எட்டும் இருக்கவேண்டும். ஏழு இருந்தால் நீங்கள் அமைதியாக எழுதவில்லை, விட்டுக்கொடுத்து எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது ஏச்சுக்குள் ஒளிந்திருக்கும் விடயம். “நாய் மாதிரி அலைய விட்டீங்கள்” என்பதில் நாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நான்கு பயணங்கள். அவற்றுக்குத் திகதி போட்டால் ஏச்சைவிடக் கனமாக நிற்கும். அவரிடம் பஸ் ரிக்கற் இரண்டு இருந்தது, மற்ற இரண்டு நாட்களையும் மனைவி கலண்டரில் குறித்து வைத்திருந்தார்.

பிறகு, கண்டதையும் நினைத்ததையும் பிரியுங்கள். உத்தியோகத்தர் அளக்காமல் போனதை அவர் கண்டார். “வேணுமென்டு” என்பது அவர் நினைத்தது. பின்னர் முடித்தவர்களுக்குக் காசு வந்ததை அறிவார், “அவைக்கு ஆள் இருக்கு” என்பது ஊகம். ஊகத்தை அழிப்பதால் நீங்கள் தோற்பதில்லை. அதை ஒரு கேள்வியாக மாற்றுங்கள்: எந்த ஒழுங்கில் கொடுப்பனவு நடக்கிறது? இதற்கு அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும். “உங்களுக்கு ஆள் இருக்கு” என்றதற்கு “இல்லை” என்ற ஒரு சொல் போதும்.

இலஞ்சம் பற்றிய வரி சிக்கலானது. “வைப்பீங்களாம்” என்று எழுதியிருக்கிறார். அந்த “ஆம்” கேள்விப்பட்டதைக் காட்டுகிறது. விசாரித்தபோது, தன்னிடம் எவரும் கேட்கவில்லை, தேநீர்க்கடையில் கேட்ட கதை என்றார். அப்படியானால் அது அவருடைய முறைப்பாடு அல்ல. யாரிடம் கேட்கப்பட்டதோ அவர்தான் அதைத் தனியாக எழுதவேண்டும். உங்களிடமே கேட்டிருந்தால் கதை வேறு: எந்த நாள், எந்த இடம், எவ்வளவு, யார் அருகில் இருந்தார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், மென்மைப்படுத்த வேண்டாம். ஆனால் அதைக் கேட்டவரின் மேசைக்கே அனுப்பாமல் மேலதிகாரிக்கு அல்லது இலஞ்ச ஆணைக்குழுவுக்குத் தனிக் கடிதமாக அனுப்புங்கள்.

திருத்திய கடிதம் இப்படி வந்தது:

“ஐயா/அம்மணி,

வீட்டுத்திட்ட இரண்டாம் கட்டக் கொடுப்பனவு கிடைக்காமை தொடர்பாக

எனது வீட்டின் அத்திவார வேலை மே 28 அன்று முடிவடைந்தது. நான்கு மாதங்கள் கடந்தும் இரண்டாம் கட்டப் பணம் எனது வங்கிக் கணக்குக்கு வரவில்லை. யூன் 6 அன்று வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் படலையில் நின்று பார்த்துவிட்டுச் சென்றார். அத்திவாரத்தை அளக்கவில்லை.

இது தொடர்பாக யூன் 20, யூலை 11, ஓகஸ்ட் 8, செப்ரெம்பர் 12 ஆகிய நாட்களில் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முதல் இரு தடவையும் கோவையைக் காணவில்லை என்றும், பின்னைய இரு தடவையும் பொறுப்பான உத்தியோகத்தர் இல்லை என்றும் கூறப்பட்டது. எனக்குப் பின்னர் அத்திவாரம் முடித்த இரு குடும்பங்களுக்குப் பணம் கிடைத்துள்ளது. கொடுப்பனவு எந்த ஒழுங்கில் நடைபெறுகிறது என்பதை அறியத்தரவும்.

நாம் மூன்று பிள்ளைகளுடன் தறப்பாள் கொட்டிலில் வசிக்கிறோம். செப்ரெம்பர் 21 இரவு மழையில் உள்ளே தண்ணீர் வந்தது. கடனுக்கு வாங்கிய 20 பை சீமெந்து கட்டியாகி வருகிறது. மாரிமழை தொடங்க முன்னர் சுவர் எழுப்ப வேண்டியுள்ளது.

எனவே ஒக்ரோபர் 14 க்கு முன்னர் அத்திவாரத்தை அளந்து, பணம் வைப்பிலிடப்படும் திகதியை எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பிரதி: மாவட்டச் செயலாளர், கிராம அலுவலர்.”

எட்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருக்கின்றன. “பேப்பருக்குக் குடுப்பன்” இல்லை. அதன் வேலையைக் கடைசியில் உள்ள “பிரதி” என்ற வரி செய்கிறது. மேலிடத்துக்கும் போகிறது என்பதை வாசிப்பவர் தானாக அறிவார். பிள்ளைகளுக்கு ஏதும் நடந்தால் என்ற பயம் மழைத்திகதியாக மாறியிருக்கிறது.

திருத்தும்போது பலரும் மறுபக்கம் சாய்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். “நான்கு மாதங்கள்” என்பது “சிறிது தாமதம்” ஆகிவிடும். “அளக்கவில்லை” என்பது “சரியாகப் பார்க்கவில்லைப் போலும்” ஆகிவிடும். “தயவுகூர்ந்து, தாழ்மையுடன், கருணை காட்டி” என்று மூன்று வரி வந்து, கேட்கும் விடயம் காணாமற் போய்விடும். உங்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பணத்தைக் கேட்கிறீர்கள். “கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரு சொல்லே போதிய மரியாதை. எண், திகதி, “இல்லை” ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள்.

வாசிக்கத் தெரிந்த, ஆனால் உங்கள் கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் “நீங்கள் சரியான கோபத்தில இருக்கிறியள்” என்று தொடங்கினால் இன்னும் ஒரு முறை திருத்த வேண்டும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். கடிதத்தில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தெரிந்தால் கோவை இலக்கம் போடுங்கள். வங்கிப் புத்தகத்தின் பக்கத்தையும் அத்திவாரத்தின் படத்தையும் பிரதியெடுத்து இணையுங்கள், மூலங்களைக் கொடுக்க வேண்டாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரையைப் போடுவியுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியுடன் குத்தி வையுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் இந்த முத்திரைத் திகதியுடன்தான் தொடங்கும்.