பழைய மோட்டார் சைக்கிளை மாற்றுவது எப்பொழுது?

பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவர், ஐந்தாண்டுகளாகத் தாம் ஓட்டிவரும் மோட்டார் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டு செல்கிறார். வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆயினும் பின்குழாயில் நீலப்புகை வருகிறது. ஊற்றிய எண்ணெய் விரைவில் குறைந்துவிடுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனையும் வளையங்களையும் மாற்ற வேண்டும். 900 வெள்ளி ஆகும்," என்கிறார்.

"பழைய வண்டிக்கு 900 வெள்ளியா? புதியதையே வாங்கிவிடலாம்" என்று ஒரு மனம் சொல்லுகிறது. "புதியதன் விலை 6,000 வெள்ளி. 900 எங்கே, 6,000 எங்கே? பழுது பார்ப்பதே மேல்" என்று மற்றொரு மனம் சொல்லுகிறது. இவ்விரு எண்ணங்களும் சரியான கணக்கைத் தொடவில்லை. ஒரு நாள் பட்டறைச் செலவையும் பல ஆண்டுகள் உழைக்கும் வண்டியின் விலையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுதல் முறையன்று. ஓர் ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்று இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தல் வேண்டும்.

இரு வகைச் செலவுகள்

வண்டி வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் இரு வகையில் பணம் போகிறது. ஒன்று, பழுது பார்க்கும் செலவு. இது கண்ணுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஆண்டு ஏறும். மற்றொன்று, விலைக்குறைவு. ஆண்டின் தொடக்கத்தில் வண்டியை விற்றால் கிடைக்கும் தொகைக்கும், ஆண்டின் முடிவில் விற்றால் கிடைக்கும் தொகைக்கும் உள்ள வேறுபாடே அது. கையிலிருந்து எடுத்துக் கொடுக்காத பணமாதலின் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். முதல் ஆண்டில் இது மிகுதி. பிறகு ஆண்டுதோறும் குறையும்.

எனவே ஒரு செலவு இறங்குகிறது, மற்றொன்று ஏறுகிறது. இரண்டும் சேர்ந்த சராசரி எந்த ஆண்டில் மிகக் குறைவாக இருக்கிறதோ, அந்த ஆண்டின் முடிவே வண்டியை மாற்றுதற்கு ஏற்ற காலம். பெட்ரோல், சாலை வரி, காப்புறுதி ஆகியவை பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் ஏறத்தாழ ஒன்றாயின், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கு

நம் தொழிலாளியின் வண்டியை 6,000 வெள்ளிக்கு வாங்கியதாகக் கொள்வோம். கீழே உள்ளவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட தொகைகள். முதல் ஐந்து வரிகள் அவர் குறித்து வைத்தவை. பின் இரண்டு வரிகள், அதே வகை வண்டியை நெடுநாள் ஓட்டியவர்களைக் கேட்டு மதிப்பிட்டவை. எல்லாம் வெள்ளிக் கணக்கு.

| ஆண்டு | பழுது | விலைக்குறைவு | அவ்வாண்டின் செலவு | அதுவரை ஆண்டுச் சராசரி |
|---|---|---|---|---|
| 1 | 200 | 1,200 | 1,400 | 1,400 |
| 2 | 250 | 800 | 1,050 | 1,225 |
| 3 | 350 | 600 | 950 | 1,133 |
| 4 | 450 | 500 | 950 | 1,088 |
| 5 | 600 | 400 | 1,000 | 1,070 |
| 6 | 800 | 300 | 1,100 | 1,075 |
| 7 | 1,100 | 200 | 1,300 | 1,107 |

கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். சராசரி இறங்கி வந்து, ஐந்தாம் ஆண்டில் 1,070 வெள்ளியைத் தொட்டு, பிறகு ஏறத் தொடங்குகிறது. ஏறுவதற்குக் காரணம் யாது? ஆறாம் ஆண்டின் செலவு 1,100 வெள்ளி. அதுவரை இருந்த சராசரியை விட அது கூடுதல். கூடுதலான ஒன்று வந்து சேரும்பொழுது சராசரியும் ஏறுவது இயல்பே. இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது: வரும் ஆண்டில் வண்டிக்கு ஆகும் செலவு, இதுவரை ஆன ஆண்டுச் சராசரியைத் தாண்டுமானால், மாற்றும் காலம் வந்துவிட்டது.

பட்டியலில் இன்னொன்றையும் காணலாம். ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் சராசரியில் 5 வெள்ளியே வேறுபாடு. ஆகவே ஓராண்டு முன்பின் ஆனாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுவண்டி வாங்குபவர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுபவரை விட ஆண்டுக்கு 155 வெள்ளி கூடுதலாகச் செலவிடுகிறார்.

தவணை முறையில் வாங்குவோர் வட்டியையும் விலையோடு சேர்க்க வேண்டும். வட்டி 1,000 வெள்ளி என்றால், வண்டியின் அடக்கம் 7,000 ஆகிறது. அப்பொழுது ஐந்தாண்டுச் சராசரி 1,270; ஆறாண்டுச் சராசரி 1,242; ஏழாண்டுச் சராசரி 1,250. மாற்ற ஏற்ற காலம் ஓராண்டு தள்ளிப் போய்விடுகிறது. புதியது வாங்க எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறதோ, பழையதை அவ்வளவு நீண்ட காலம் வைத்திருப்பது நன்று.

900 வெள்ளி கொடுக்கலாமா?

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். ரொக்கமாகப் புதுவண்டி வாங்கினால் ஆண்டுக்கு 1,070 வெள்ளி ஆகும் என்பதை அறிந்துவிட்டோம். பழைய வண்டியை இன்றைய நிலையில் விற்றால் 2,500 வெள்ளி கிடைக்கும். இயந்திரத்தைச் சீர்செய்தபின் மற்றப் பழுதுகளுக்கு ஆண்டுக்கு 350 வெள்ளியே ஆகும் எனவும், விலைக்குறைவு பட்டியலில் உள்ளபடியே இருக்கும் எனவும் கொள்வோம்.

சீர்செய்த இயந்திரம் ஓராண்டே தாங்கினால், 900, 350, 300 சேர்ந்து 1,550 வெள்ளி. இது நட்டம். இரண்டாண்டு தாங்கினால், 900 வெள்ளியோடு பழுதுக்கு 700, விலைக்குறைவுக்கு 500, மொத்தம் 2,100, ஆண்டுக்கு 1,050. இது புதுவண்டிக்கு ஏறத்தாழச் சமம். மூன்றாண்டு தாங்கி, அவ்வாண்டின் விலைக்குறைவும் 200 வெள்ளியானால், ஆண்டுக்கு 883 வெள்ளிதான். இது தெளிவான ஆதாயம்.

ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பது மட்டுமன்று, "செய்தபின் எத்தனை ஆண்டு தாங்கும்?" என்பதே முதன்மையானது. இரண்டாண்டுக்குக் குறைவு என்றால், விற்றுவிடுவதே நன்று. தவணையில்தான் புதியது வாங்க இயலும் எனின், ஒப்பிட வேண்டிய தொகை 1,242. அப்பொழுது இரண்டாண்டு தாங்கினாலே போதும், சீர்செய்வது ஆதாயமே.

"போன ஆண்டுதானே 600 வெள்ளி செலவு செய்தேன், இப்பொழுது விற்பதா?" என்று சிலர் தயங்குவர். அந்தப் பணம் போய்விட்டது. வண்டியை வைத்திருந்தாலும் விற்றாலும் அது திரும்பி வராது. இனி ஆகப்போகும் செலவையே எண்ண வேண்டும்.

கணக்கு பிழையாகும் இடங்கள்

வண்டி வழியில் நின்றுவிட்டால் பட்டறைச் செலவோடு நட்டம் முடிவதில்லை. அதிகாலையில் பால் நன்கு ஓடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். நேரங்கழித்துச் சீவியதால் குறைந்த பாலும், வேலைக்கே போகாத நாளின் கூலியும் பழுதுச் செலவைச் சேர்ந்தவையே. இவற்றை விட்டுவிட்டால் பழைய வண்டி உண்மையை விட மலிவாகத் தோன்றும்.

மாறாக, விபத்தினால் ஏற்பட்ட செலவை முதுமையின் கணக்கில் எழுதக்கூடாது. புதுவண்டிக்கும் அது நேரலாம். டயர், சங்கிலி போன்றவை எந்த வண்டியிலும் தேய்பவை. இரண்டாண்டு உழைக்கும் டயரின் விலையை இரண்டாண்டுக்கும் பங்கிட்டு எழுதுங்கள். இல்லையேல் டயர் மாற்றிய ஆண்டில் வண்டி கிழமாகிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகும்.

இக்கணக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. சட்டத்தில் வெடிப்புக் கண்டாலோ, பிரேக் பிடிக்காமற் போனாலோ, சராசரி பார்த்துக்கொண்டிருக்கலாகாது. செம்மையாகச் சீர்செய்யும்வரை அவ்வண்டியில் ஏறக்கூடாது.

ஒரு சிறு குறிப்பேடு போதும். பழுது பார்த்த நாள், கொடுத்த பணம், இழந்த கூலி ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று இரண்டு கடைகளில் விசாரித்து, அதையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை மெக்கானிக் ஒரு தொகையைச் சொல்லும்பொழுது, விடை உங்கள் ஏட்டிலேயே இருக்கும்.