பாதி மட்டும் வாங்கிய பங்குக்கு ஸ்டாப்லாஸ் எங்கே?

பிராக்கெட் ஆர்டர் பற்றி வாசகர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஒரு பங்கை 412 ரூபாய்க்கு 500 எண்ணிக்கை வாங்க இன்ட்ராடேயில் பிராக்கெட் ஆர்டர் போட்டேன். டார்கெட் 420, ஸ்டாப்லாஸ் 408. 180 பங்குதான் கிடைத்தது. விலை 421 வரை ஏறியும் டார்கெட்டில் ஒரு பங்குகூட விற்கவில்லை. விலை 414-க்கு இறங்கியபோது மிச்ச 320-ஐ கேன்சல் செய்துவிட்டு, 180 பங்குக்கு ஸ்டாப்லாஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். விலை சரிந்தபோது அதுவும் வேலை செய்யவில்லை. கடைசியில் புரோக்கரே 401-க்கு விற்றுக் கணக்கை முடித்தார். எங்கே தவறு நடந்தது?
— திருப்பூர் வாசகர்

பதில்: பிராக்கெட் ஆர்டர் திரையில் ஒரே ஆர்டராகத் தெரிந்தாலும் உள்ளே மூன்று ஆர்டர்கள் இருக்கின்றன. ஒன்று வாங்குவதற்கு. மற்ற இரண்டும் விற்பதற்கு: லாபத்தில் விற்கும் டார்கெட், நஷ்டத்தை நிறுத்தும் ஸ்டாப்லாஸ். இவற்றில் ஒன்று நடந்தால் மற்றொன்று ரத்தாக வேண்டும் என்ற இணைப்பை இந்தியாவில் புரோக்கரின் சர்வர்தான் பார்த்துக்கொள்கிறது. பங்குச் சந்தைக்கு இவை தனித்தனி ஆர்டர்கள். ஆகவே அந்த இணைப்பு எப்போது உயிர்பெறும் என்பதும் ஒவ்வொரு புரோக்கரின் விதியைப் பொறுத்ததே.

அந்த விதி இரண்டு வகை. சில இடங்களில், வாங்கும் ஆர்டரில் எவ்வளவு நிறைவேறுகிறதோ அவ்வளவுக்கு உடனே டார்கெட்டும் ஸ்டாப்லாஸும் கிளம்பும். வேறு சில இடங்களில் வாங்கும் ஆர்டர் முழுதாக நிறைவேறினால்தான் அவை இரண்டும் கிளம்பும். அமெரிக்காவின் அல்பாக்கா நிறுவனம் தன் கையேட்டிலேயே இரண்டாவது விதியை வெளிப்படையாக எழுதியிருக்கிறது. திருப்பூர் வாசகருக்கு நடந்ததைப் பார்த்தால் அவருடைய புரோக்கரிடமும் இதே விதி என்றுதான் தெரிகிறது. 500-ல் 180 வந்தது, ஆர்டர் முடியவில்லை, அதனால் விற்கும் ஆர்டர் ஒன்றுகூடச் சந்தைக்குப் போகவில்லை. விலை 421-ஐத் தொட்டபோது 420-ல் விற்க அங்கே ஆர்டரே இல்லை.

பாதி மட்டும் கிடைத்ததில் புதிர் ஏதுமில்லை. சந்தையில் ஒரே விலைக்குக் காத்திருப்பவர்களில் முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும். விலை 412-க்கு வந்தபோது அந்த விலைக்கு விற்க வந்த பங்குகள் முன்னால் நின்றவர்களுக்குப் போக, இவருக்கு 180 வந்து சேர்ந்தது. அதன் பிறகு 412-க்கு விற்க ஆள் இல்லை. விலை மேலே போய்விட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. 320 பங்குக்கான ஆர்டர் 412-ல் காத்திருந்தவரை இறங்கும் திசையில் இவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. 421-லிருந்து 408-க்கு இறங்க வேண்டுமானால் விலை 412-ஐக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது மிச்ச 320-ம் நிறைவேறிவிடும். ஆர்டர் முழுமையாகும், ஸ்டாப்லாஸ் 500 பங்குக்கும் கிளம்பும். அதுவரை இழக்கக்கூடியது டார்கெட் லாபம் மட்டுமே: 180 பங்குக்கு 8 ரூபாய் வீதம் 1,440 ரூபாய்.

கேன்சல் பட்டனை அழுத்திய கணத்தில் நிலைமை மாறிவிட்டது. வாங்கும் ஆர்டர் இனி முழுமையாக வழியே இல்லை. முழுமையானால்தான் கிளம்புவோம் என்று காத்திருந்த இரண்டு விற்பனை ஆர்டர்களும் அதோடு சேர்ந்து மறைந்தன. 180 பங்கு எந்த ஸ்டாப்லாஸும் இல்லாமல் கையில் நின்றது. 408-ல் வெளியே வந்திருந்தால் நஷ்டம் சுமார் 720 ரூபாய். 401-ல் விற்றதால் 1,980 ரூபாய்.

மிச்சத்தை கேன்சல் செய்ய நினைத்தது தவறில்லை. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை ஒரு வரிசையில் செய்திருக்க வேண்டும். முதலில் கேன்சல் கொடுத்து, ஆர்டர் புக்கில் CANCELLED என்று வரும்வரை பார்க்க வேண்டும். அடுத்து, மொத்தம் எத்தனை நிறைவேறியது என்று மறுபடி பார்க்க வேண்டும். கேன்சல் போய்ச் சேர்வதற்குள் இன்னும் 40 பங்கு வாங்கப்பட்டிருந்தால் கையில் இருப்பது 180 அல்ல, 220. அந்த எண்ணிக்கைக்கு, வாங்கிய அதே பிராடக்ட் வகையில், தனியாக ஒரு ஸ்டாப்லாஸ் விற்பனை ஆர்டர் போட வேண்டும்.

பயத்தில் வரிசையை மாற்றிவிடக் கூடாது. 320 காத்திருக்கும்போதே 180-க்குத் தனி ஸ்டாப்லாஸ் போட்டால், விலை இறங்கும்போது 320-ம் வாங்கப்பட்டு, பிராக்கெட்டின் 500 பங்கு ஸ்டாப்லாஸும் கிளம்பும். 500 பங்கு இருக்கும் கையிலிருந்து 680 விற்க ஆர்டர் நிற்கும். இரண்டும் நிறைவேறினால் 180 பங்கை இல்லாமலே விற்றதாகிவிடும்.

கேள்வி: வாங்குவது முழுதாக முடிந்துவிட்டது. டார்கெட்டில் பாதி மட்டும் விற்றால் ஸ்டாப்லாஸ் என்ன ஆகும்?
— மதுரை வாசகி

பதில்: இதற்கும் புரோக்கரின் விதிதான் விடை. மேலே சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 500 பங்கும் கையில் இருக்கிறது. 420-ல் 200 விற்றது. 300 மிச்சம். இப்போது ஸ்டாப்லாஸின் எண்ணிக்கையும் 300 ஆகக் குறைய வேண்டும். அல்பாக்கா இப்படித்தான் குறைக்கிறது.

குறைக்காமல் விட்டால் இரண்டு விதமாகக் கெடும். டார்கெட்டில் முதல் பங்கு விற்றவுடனே ஸ்டாப்லாஸை முழுதாக ரத்து செய்யும் அமைப்பு என்றால், மிச்ச 300 பங்குக்கு ஸ்டாப்லாஸே இருக்காது. ஸ்டாப்லாஸை 500 ஆகவே விட்டுவைக்கும் அமைப்பு என்றால், விலை 408-க்கு வந்ததும் 500 விற்கும். இருப்பது 300 தான். 200 பங்கு ஷார்ட் ஆகிவிடும். விலை மறுபடி ஏறினால் ஏற ஏற நஷ்டம்.

இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் நிறுவனம் இந்தத் தேர்வை வாடிக்கையாளரிடமே விட்டிருக்கிறது. ஒன்றில் நிறைவேறினால் மற்றதை முழுதாக ரத்து செய்வதா, நிறைவேறிய அளவுக்குக் குறைப்பதா என்று கேட்கும். இணைந்த ஆர்டர்களில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சந்தைக்குப் போகும்படி பூட்டு போடவும் வழி உண்டு. அந்தப் பூட்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து நிறைவேறி அளவுக்கு மேல் விற்றுவிடும் ஆபத்து தடுக்கப்படும்.

இந்திய டிரேடர்கள் நிறையப் பேர் பயன்படுத்தும் GTT-யின் இரட்டை வசதியிலும் இதே சிக்கல் இன்னொரு வடிவில் வருகிறது. செரோதாவில் இரண்டு டிரிக்கர்களில் ஒன்றை விலை தொட்டவுடன் ஒரு லிமிட் ஆர்டர் சந்தைக்குப் போகும், மற்ற டிரிக்கர் ரத்தாகும். ரத்து நடப்பது டிரிக்கரைத் தொட்டபோது. அந்த லிமிட் ஆர்டர் நிறைவேறியதா என்று பார்த்து அல்ல. 420-ஐத் தொட்டு, 200 விற்று, விலை திரும்பிவிட்டால் 300 பங்குக்கான விற்பனை ஆர்டர் 420-ல் நிற்கும். கீழே 408-ல் எதுவும் இருக்காது. மாலையில் அந்த லிமிட் ஆர்டரும் காலாவதியாகும். மறுநாள் காலை 300 பங்குக்கு மேலேயும் காவல் இல்லை, கீழேயும் இல்லை.

திரையில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும். பொசிஷன் பக்கத்தில் கையில் உள்ள எண்ணிக்கை ஒன்று. டெலிவரியாக வைத்திருப்பவர்கள் இதை ஹோல்டிங்ஸ் பக்கத்தில் பார்க்க வேண்டும். ஆர்டர் புக்கில் TRIGGER PENDING என்று காட்டும் ஸ்டாப்லாஸின் எண்ணிக்கை மற்றொன்று. GTT என்றால் அதற்கான பட்டியலில் இன்னும் உயிரோடு இருப்பது. இரண்டும் சமமாக இல்லையென்றால் அந்த வித்தியாசம்தான் காவல் இல்லாமல் நிற்கும் பங்கு. ஸ்டாப்லாஸ் எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அளவுக்கு மேல் விற்கப்போகும் பங்கு.

கேள்வி: ஸ்டாப்லாஸ் டிரிக்கர் ஆனது. 500-ல் 150 தான் விற்றது. மிச்சம் விற்கவே இல்லை. டிரிக்கர் ஆன பிறகும் இப்படி நடக்குமா?
— சேலம் வாசகர்

பதில்: நடக்கும். மூன்றிலும் பணத்தை அதிகம் கரைப்பது இதுதான்.

ஸ்டாப்லாஸில் இரண்டு விலைகள் இருக்கலாம். SL வகையில் டிரிக்கர் விலை ஒன்று, லிமிட் விலை ஒன்று. SL-M வகையில் டிரிக்கர் மட்டும். தொட்டவுடன் மார்க்கெட் விலைக்கு விற்கும். இந்தியாவில் SL-M எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. என்எஸ்இ 2021 செப்டம்பரில் ஆப்ஷன்களுக்கு அதை நிறுத்தியது. பிஎஸ்இ 2023 அக்டோபரில் நிறுத்தியது. ஆகவே பலர் SL போடுகிறார்கள். லிமிட்டை டிரிக்கருக்கு மிக அருகில் வைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

டிரிக்கர் 408, லிமிட் 407.50 என்று வைத்துக்கொள்வோம். விலை 408-ஐத் தொட்டதும் 407.50-க்குக் குறையாமல் 500 விற்க ஆர்டர் போகிறது. அந்த ஐம்பது பைசா இடைவெளிக்குள் வாங்க நின்றவர்களிடம் 150 பங்குக்குத்தான் தேவை. அது விற்றது. அடுத்த கணம் வாங்குபவர்கள் 406-க்கும் அதற்குக் கீழும் போய்விட்டார்கள். மிச்ச 350 பங்கு 407.50-க்கு விற்கக் காத்திருக்கிறது. விலை 404-ல் ஓடுகிறது. ஆர்டர் புக்கில் அது TRIGGER PENDING-லிருந்து OPEN-ஆக மாறியிருக்கும். நஷ்டத்தை நிறுத்தப் போட்ட ஆர்டர், இனி விலை மேலே திரும்பினால் மட்டுமே விற்கும் ஆர்டராகிவிட்டது.

இந்த நிலையில் புதிய ஆர்டர் போடத் தேவையில்லை, போடவும் கூடாது. அந்த OPEN ஆர்டரையே திருத்தி, லிமிட்டை அப்போது வாங்குபவர்கள் கேட்கும் விலைக்குக் கீழே இறக்கினால் போதும். 404-ல் ஓடும் விலைக்கு 402 என்று திருத்தினால், 402-க்குத்தான் விற்கும் என்று பொருள் அல்ல. அந்த நேரத்தில் யார் அதிகம் தருகிறார்களோ அவர்களிடம் முதலில் விற்கும். 402-க்குக் கீழே மட்டும் போகாது.

ஆர்டர் போடும்போதே இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம். டிரிக்கர் 408 என்றால் லிமிட்டை 405-ல் வைப்பதால் வழக்கமான நாளில் எதுவும் இழப்பதில்லை, ஏனென்றால் 407, 408-ல் வாங்க ஆள் இருந்தால் அங்கேயே விற்றுவிடும். எவ்வளவு இடைவெளி என்பது அந்தப் பங்கைப் பொறுத்தது. வாங்க நிற்பவர்களின் பட்டியலைத் திறந்து, டிரேடர் விற்க வேண்டிய எண்ணிக்கை எத்தனை ரூபாய் ஆழத்துக்குள் முழுதாகக் கரையும் என்று பார்க்கலாம். 500 பங்குக்கு ஒரு ரூபாய் ஆழம் வேண்டியிருந்தால், சரியும் நேரத்தில் அந்தப் பட்டியல் மெலிந்துவிடும் என்பதையும் சேர்த்து மூன்று ரூபாய் விடுவது நியாயம். லோயர் சர்க்யூட்டில் வாங்குபவர்களே இல்லாமல் உறைந்துவிட்ட பங்குக்கு மட்டும் எந்த இடைவெளியும் உதவாது.