பல்லுக்கொதி நின்றுவிட்டது, இனியும் கடல் தாண்ட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நெடுந்தீவில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறவ. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கனகாலமாகச் சூத்தை. போன கிழமை மூன்று இரவு பல்லுக்கொதியில் நித்திரையே இல்லை, படுத்தால் இன்னும் கூடிச்சுது. கராம்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தா, காலையில் நல்லெண்ணெய் கொப்பளித்தா. நாலாம் நாள் கொதி அப்படியே நின்றுவிட்டது. இரண்டு நாளாக எண்ணெயும் வைக்கவில்லை, நோவும் இல்லை. “மாறின பல்லுக்கு எதுக்கு வள்ளம் ஏறுவான்?” என்கிறா. சின்ன வயதிலிருந்து வேப்பங்குச்சியால் பல் விளக்குறவ, அதில் அவவுக்குப் பெரிய நம்பிக்கை. கடலும் இப்ப சரியில்லை. கூட்டிக்கொண்டு போகவா, பொறுத்துப் பார்க்கவா?
— வாசகி, நெடுந்தீவு

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள். கடல் அடங்கிப் படகு ஓடத் தொடங்கும் முதல் நாளிலேயே போங்கள். நோவு நின்றதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது.

பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் ஓடும் மெல்லிய சதை இருக்கிறது. சூத்தை அதைத் தொட்டதும் அந்தச் சதை வீங்கும். சுற்றிவர எலும்பை விடக் கடினமான சுவர், வீங்க இடமில்லை. அதனால்தான் அந்தக் குத்து அவ்வளவு மோசமாக இருக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுவதால் நோவும் கூடும். நீங்கள் எழுதிய மூன்று இரவும் இந்தக் கட்டம்தான். தானாகத் தொடங்கி, மணிக்கணக்காகக் குத்தி, நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு வந்த பல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சில நாளில் உள்ளிருக்கும் சதை செத்துப்போகும். செத்த நரம்புக்கு நோகாது. வீட்டில் உள்ளவர்களும் அயலவர்களும் கைமருந்துக்கு நன்றி சொல்வார்கள். கிருமியோ வேரின் நுனிவழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்க்கலாம். குளிர்ந்த தண்ணீரை அந்தப் பல்லில் படும்படி அம்மாவை வாயில் வைத்திருக்கச் சொல்லுங்கள். போன கிழமை உயிர்போனது போல் கூசிய பல்லுக்கு இன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது நல்ல செய்தியல்ல. தேக்கரண்டியின் காம்பால் அந்தப் பல்லையும் பக்கத்துப் பல்லையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். சூத்தைப் பல்லு மட்டும் நொந்தால், அல்லது கடிக்கும்போது அது மற்றப் பற்களை விடக் கொஞ்சம் உயர்ந்து நிற்பதுபோல் அவவுக்குத் தோன்றினால், வேர் நுனியில் வேலை தொடங்கிவிட்டது. கையைக் கழுவி, விரலால் முரசைத் தடவிப் பாருங்கள். வேருக்கு நேரே சிறு பரு மாதிரி ஒன்று இருந்து, அமத்தினால் உப்புக் கரிக்கும் கெட்ட சுவை வந்தால் அது சீழ் தனக்கு வெட்டிக்கொண்ட வழி. வழி திறந்திருக்கும் வரை நோவு வராது, வருடக்கணக்கில்கூட. அடைபடும் நாளில் கன்னம் வீங்கும். இவை ஒன்றுமே தெரியாவிட்டாலும் பல்லைக் காட்டத்தான் வேண்டும். படம் எடுத்தால்தான் வேரின் நிலை தெரியும்.

இனிக் கராம்பெண்ணெய்க்கு வருவோம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பல் கிளினிக்குக்குள் காலடி வைத்ததும் மூக்கில் ஏறும் வாசம் கராம்பின் வாசம்தான். அந்த எண்ணெயின் பெரும்பகுதியான யூஜினோலைத் துத்தநாக ஒக்சைட்டுத் தூளோடு குழைத்துத்தான் நாங்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறோம். அது நரம்பை மரக்கச் செய்யும், கிருமியையும் ஓரளவு அடக்கும். குவைத்தில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், முரசில் ஊசி குத்தும் நோவைக் குறைப்பதில் கராம்புக் களிம்பு, பல் வைத்தியர்கள் பூசும் பென்சோகெயினுக்குக் கிட்டத்தட்ட இணையாக நின்றது. ஆனால் அது நல்ல முரசில் குத்திய ஊசி, சூத்தைப் பல்லின் கொதி அல்ல. எங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் உள்ள வேறுபாடு மருந்தில் இல்லை. நாங்கள் முதலில் அழுகலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு கராம்பை வைத்து ஓட்டையை மூடுகிறோம். பஞ்சு அழுகலின் மேல் உட்காருகிறது, ஓட்டை திறந்தே கிடக்கிறது.

படகு இல்லாத இரவுக்கு அதைப் பாவிக்கிற முறை இது. ஒரு துளி கராம்பெண்ணெய்க்குப் பத்துத் துளி தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் கலக்க வேண்டும். உழுந்தளவு பஞ்சில் தொட்டு, பிழிந்துவிட்டு, ஓட்டைக்குள் மட்டும் வைக்க வேண்டும். முரசில் படாமல் பார்க்க வேண்டும். தனி எண்ணெயை வைத்து முரசும் கன்னத்தின் உள்தோலும் வெந்து வெளுத்தபடி வருகிறவர்கள் பலர். பத்து நிமிடத்தில் பஞ்சை எடுத்துவிடுங்கள், அதோடு நித்திரைக்குப் போகக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் போன்ற குளிசை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. போத்தலைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு தேக்கரண்டி குடித்த இரண்டு வயதுப் பிள்ளை மயங்கி, ஈரலும் பாதிக்கப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது. கராம்பெண்ணெய்க்குப் பதிலாகச் சிலர் புகையிலையையோ ஆஸ்பிரின் குளிசையையோ பல்லில் அடைக்கிறார்கள். ஆஸ்பிரின் பட்ட இடம் பொசுங்கும். புகையிலையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

எண்ணெய் கொப்பளிப்பதன் எல்லை வேறு. சென்னைப் பல் வைத்தியர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவப் பையன்கள் 20 பேரில் ஒரு பகுதியினர் பத்து நாள் நல்லெண்ணெயும் மற்றவர்கள் குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீரும் கொப்பளித்தார்கள். இரண்டிலும் பல்லில் படியும் அழுக்கும் முரசின் அழற்சியும் குறைந்தன. இருபது பேர், பத்து நாள். அதற்கு மேல் அந்த ஆய்வைச் சுமக்க வைக்கக் கூடாது. முரசில் இரத்தம் கசிகிறவருக்குத் துலக்குவதோடு சேர்த்து இது கொஞ்சம் உதவலாம். ஓட்டைக்குள்ளோ வேர் நுனிக்கோ எண்ணெய் போகாது. செய்வதானால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும், பத்து நிமிடம் போதும். விழுங்காமல் துப்பிவிட வேண்டும். புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போய், திரும்பத் திரும்ப நிமோனியா வந்த நோயாளி ஒருவரைப் பற்றி 2014இல் கொரிய வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது வேண்டாம்.

வேப்பங்குச்சியை அம்மாவிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. நுனியை மென்று தும்பாக்கித் துலக்கினால் பல்லின் வெளிப்பக்கம் நன்றாகவே சுத்தமாகும், வேம்பின் சாறு கிருமிக்கும் ஆகாது. ஆனால் பாருங்கள், சூத்தை விழுந்தது எங்கே? குச்சி போகாத கடைவாயில். நேரான தடியால் கீழ்க் கடைவாய்ப் பல்லின் உட்பக்கத்தை எட்ட முடியாது, இரண்டு பல்லுக்கிடையில் நுழைய முடியாது. காய்ந்த குச்சியால் குறுக்காக அழுத்தித் தேய்க்கிறவர்களின் முரசு இறங்கி, பல்லின் கழுத்தில் அரிவாளால் கொத்தியதுபோல் பள்ளம் விழுந்திருக்கும். சூத்தையைத் தடுக்கும் புளோரைட்டும் குச்சியில் இல்லை. காலையில் குச்சி அவ விருப்பம். இரவு படுக்கமுன் தூரிகையும் 1000 பி.பி.எம். புளோரைட்டுக்குக் குறையாத பற்பசையும் வேண்டும், துலக்கிய பின் வாயை நிறையக் கொப்பளிக்காமல் துப்பினால் போதும்.

காலநிலை மோசமாகிப் படகு தாமதித்தால் பனடோல் போடலாம். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டாமல். ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் உடம்பு மெலிந்தவருக்கும் இந்த அளவு பொருந்தாது, வைத்தியரைக் கேளுங்கள். புரூபன் வகைக் குளிசைகள் வேண்டாம். சீனி வருத்தக்காரருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது. மாரி காலத்தில் காய்ச்சலும் சேர்ந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போது புரூபன் ஆபத்து. முன்பு மிஞ்சிய அன்ரிபயோற்றிக்கைத் தேடி எடுத்துப் போடவும் வேண்டாம். சீழின் மூலம் பல்லுக்குள் இருக்கும்வரை அது தற்காலிக ஓய்வுதான்.

ஆனால் பொறுக்கக் கூடாத நிலை ஒன்று இருக்கிறது. கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்காவிட்டால் அன்றே நெடுந்தீவு வைத்தியசாலைக்குப் போங்கள். நாடிக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீங்கி இறுகினால், நாக்கு மேலே தள்ளப்பட்டால், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால், குரல் மாறினால் மணித்தியாலக் கணக்கில்தான் நேரம் இருக்கிறது. அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு இருபது நிமிடம், உங்களுக்கு ஒரு மணித்தியாலக் கடல். அதற்குப் பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி என்று தரைவழி. ஊர்காவற்றுறைக்காரர் பஸ்ஸில் ஏறிப் போய்விடலாம், நீங்கள் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கணக்கில் எடுத்து முன்கூட்டியே வெளிக்கிட வேண்டும். சீனி கூடியவருக்குத் தொற்று வேகமாகப் பரவும், தொற்று இருந்தால் சீனியும் இறங்காது. அதனால்தான் “பொறுத்துப் பார்க்கவா” என்ற கேள்விக்கு உங்கள் அம்மா விடயத்தில் நான் இடம் கொடுக்கவில்லை.

யாழ் போதனா வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். வேருக்குள் துப்புரவாக்கி அடைப்பது ஒன்று, பல்லைப் பிடுங்குவது மற்றது. முதலாவது பல்லைக் காப்பாற்றும், ஆனால் பல தடவை வரவேண்டியிருக்கலாம். ஒவ்வொரு வரவும் உங்களுக்கு ஒரு படகுப் பயணம். இதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், எத்தனை வரவில் முடிக்கலாம் என்று கேளுங்கள். இரண்டாம் வரவுக்கு வர முடியாது என்று தெரிந்தால், பாதியில் விட்ட வேர்ச் சிகிச்சையை விடப் பிடுங்குவதே மேல் என்பது என் அபிப்பிராயம். கடைசியாகக் கராம்பெண்ணெய் வைத்தது எப்போது என்பதையும் சொல்லுங்கள். பல்லின் நிறத்தில் வைக்கும் பசை யூஜினோல் பட்ட இடத்தில் சரியாக இறுகாது.

வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வராதீர்கள். விறைப்பு ஊசி போட்டுப் பல் பிடுங்குவதற்குப் பட்டினி தேவையில்லை, சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படகேறினால் அம்மா வழியிலேயே மயங்கக்கூடும். பிடுங்கினால், வைத்த பஞ்சை அரை மணித்தியாலம் கடித்தபடி இருக்கச் செய்து, இரத்தம் நின்றதைப் பார்த்த பிறகே குறிகட்டுவானுக்கு வெளிக்கிடுங்கள். அடுத்த 24 மணித்தியாலத்துக்குக் கொப்பளிப்பே கூடாது. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை ஒரு கிழமைக்கு மறந்துவிடச் சொல்லுங்கள். பிடுங்கிய குழியில் உறைந்த இரத்தம் கழன்று போனால், மூன்றாம் நாள் முந்திய கொதியை விட மோசமான நோவு வரும். அதற்கு நாங்கள் வைக்கும் மருந்திலும் கராம்புதான் இருக்கும், ஆனால் அதை வைக்க அம்மா மறுபடியும் கடல் தாண்ட வேண்டும்.