வார்டில் நோயாளி விழுந்துவிட்டாரா? கேஸ் ஷீட்டில் எழுத

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்கு.

1. உடனே தூக்காதீர்கள். நினைவு, மூச்சு, கழுத்துவலியைக் கிடந்த இடத்திலேயே பாருங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம்.

2. கண்டதை மட்டும் எழுதுங்கள். விழுந்ததை யாரும் பார்க்காதபோது 'வழுக்கி விழுந்தார்' என்பது வெறும் ஊகம். இப்படி எழுதலாம்: "இரவு 2.40. பாத்ரூம் வாசலில் வலப்பக்கமாகக் கிடந்தார். தரை ஈரம். 'எந்திரிச்சதும் கிறுகிறுன்னு வந்துச்சும்மா' என்றார்." அவர் வார்த்தையை மாற்றாதீர்கள், அந்தக் 'கிறுகிறு'தான் டாக்டரை பிரஷரும் சுகரும் பார்க்க வைக்கும்.

3. செய்ததை நேரத்தோடு குறியுங்கள்: பிபி, நாடி, சுகர், நினைவுநிலை, கண்பாவை. தலையில் அடிபட்டிருந்தாலோ, விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றாலோ, முதல் 2 மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் எழுதுங்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியவரும்.

4. 'டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று மொட்டையாக முடிக்காதீர்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், எப்போது வந்தார் என்பது வேண்டும். கூட இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தால், எந்த உறவினருக்குப் போன் செய்தீர்கள் என்பதும்.

5. தப்பாக எழுதினால் ஒரே கோடு, கையெழுத்து, நேரம். ஒயிட்னர் பூசினால் மறைத்ததாகவே படும்.

யார்மேல் தப்பு என்ற பேச்சு கேஸ் ஷீட்டில் வேண்டாம். சம்பவ அறிக்கை தனித்தாள்.