ஆடியோகிராம் படிக்கக் கற்றுக்கொள்வோம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம் குடும்பங்களில் வயதானவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "சத்தம் கேக்குது மக்கா, என்ன சொல்லுதன்னுதான் புரியல்ல." காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் பரிசோதனை செய்து, கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் தருகிறார்கள். அதன் அடியில் ஏதோ ஓர் எண் இருக்கும். நாம் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். உண்மையில் செய்தி எண்ணைவிடக் கோட்டில்தான் அதிகம் இருக்கிறது. அந்தக் கோட்டை எப்படிப் படிப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

தாளின் மேல்பக்கம் இடமிருந்து வலமாக 250, 500, 1000, 2000, 4000, 8000 என்ற எண்கள் இருக்கும். இவை ஒலியின் அதிர்வெண்கள், அளவு ஹெர்ட்ஸ். ஆர்மோனியத்தில் இடப்பக்கக் கட்டைகள் தடித்த குரலும் வலப்பக்கக் கட்டைகள் கீச்சுக் குரலும் தருவது போலவே இங்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக டெசிபல் அளவு இருக்கும். மேலே 0, கீழே 100 அல்லது 120. நோயாளி ஒவ்வோர் ஒலியையும் மிக மெல்லியதாக எந்த அளவில் கேட்டாரோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கப்படும். ஆகவே கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம். 0 என்றால் நிசப்தம் என்று பொருள் அல்ல; நல்ல காதுள்ள இளைஞர்கள் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலியே அது.

வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. நகல் எடுத்தால் நிறம் போய்விடும். குறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இவை காதில் மாட்டும் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டவை. அம்புமுனை போன்ற சிறு குறிகள், காதின் பின்புற எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்துக் கேட்டவை. இந்த இரண்டாவது வகை, செவிப்பறையையும் நடுக்காதையும் தாண்டி உட்காதை நேரடியாகச் சோதிக்கிறது.

இனி இரண்டு தாள்களை எடுத்துக்கொள்வோம். பாடத்துக்காக நாமே அமைத்துக்கொண்டவை இவை.

முதல் தாள், மரம் அறுக்கும் மில்லில் இருபது ஆண்டுகள் வேலை செய்த ஒரு பெரியவருடையது. அவர் காதில் 500இல் 25, 1000இல் 30, 2000இல் 45, 4000இல் 70 டெசிபல். 8000இல் கோடு சற்று மேலேறி 60. இரண்டாவது தாள், சிறு வயது முதல் காதில் சீழ் வடியும் ஒரு பெண்ணுடையது. அதே நான்கு அதிர்வெண்களில் 45, 40, 40, 45.

நான்கையும் கூட்டி நான்கால் வகுத்துப் பாருங்கள். முதல் தாளில் மொத்தம் 170, சராசரி 42.5. இரண்டாவதிலும் மொத்தம் 170, சராசரி 42.5. இருவருக்கும் ஒரே எண்.

நம் ஊர் அறிக்கைகளில் பெரும்பாலும் காணும் பிரிவு இது: 25 டெசிபல் வரை இயல்பு, 26 முதல் 40 வரை லேசான குறைபாடு, 41 முதல் 55 வரை மிதமானது, 56 முதல் 70 வரை சற்றுக் கடுமையானது, 71 முதல் 90 வரை கடுமையானது, அதற்கு மேல் மிகக் கடுமையானது. அதன்படி இருவருக்கும் மிதமான குறைபாடு. ஆனால் 4000ஐ விட்டுவிட்டு மூன்று அதிர்வெண்களை மட்டும் சராசரி பார்க்கும் பழக்கமும் உண்டு. அப்படிக் கணக்கிட்டால் பெரியவருக்கு 33தான் வரும். 'லேசானது' என்று எழுதிவிடுவார்கள். அவருடைய துன்பம் முழுவதும் இருக்கும் இடமே கணக்கில் விடுபட்டுப் போகும்.

பெரியவரின் கோடு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சரிந்து, 4000இல் பள்ளம் விழுகிறது. நீண்டகால இரைச்சல் உட்காதின் மயிர்ச் செல்களைக் கெடுக்கும்போது பெரும்பாலும் இந்தப் பள்ளமே முதலில் தோன்றும். எலும்பு வழிக் குறிகளும் ஏறத்தாழ அதே இடத்தில் இருப்பதால் கோளாறு உட்காதில்தான். நம் மொழியில் உயிரொலிகளும் ம, ன போன்றவையும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருக்கின்றன. ச, ஸ, ட்ட, த்த ஆகியவற்றை வேறுபடுத்தும் நுட்பம் 2000க்கு மேல் இருக்கிறது. அதனால் அவருக்குப் 'பத்து', 'பட்டு' இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். குரல் கேட்கும், சொல் நழுவும். உரக்கக் கத்தினால் உயிரொலிதான் பெருகும், பயன் குறைவு. முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதும், உயர்ந்த அதிர்வெண்களைக் கூடுதலாகப் பெருக்கும்படி அமைத்த செவிக்கருவியுமே உதவும்.

அந்தப் பெண்ணின் கோடு ஏறத்தாழ படுக்கையாக இருக்கிறது. அவருடைய எலும்பு வழிக் குறிகளோ 5, 10 என்று மேலேயே நிற்கின்றன. இரு கோடுகளுக்கும் இடையே 35 டெசிபல் அளவு இடைவெளி. 10ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். உட்காது நன்றாக இருக்கிறது, ஒலி அங்கே போய்ச் சேரும் வழியில்தான் தடை என்பதே இதன் பொருள். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். இதற்குக் காது மருத்துவரின் சிகிச்சையோ அறுவையோ பலன் தரக்கூடும். செவிக்கருவி வாங்கும் முன் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொதுத் தவறைச் சொல்ல வேண்டும். 42 டெசிபல் என்பது 42 சதவீதக் குறைபாடு அல்ல. தாளில் சதவீதம் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் சொல் கேட்புச் சோதனையின் மதிப்பெண். 25 சொற்களைப் போதிய சத்தத்தில் சொல்லி, எத்தனையைத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். 18 சரியானால் 72 சதவீதம். நம் பெரியவருக்கு இப்படிக் குறையலாம். அந்தப் பெண்ணுக்குச் சத்தத்தைக் கூட்டினால் ஏறத்தாழ முழு மதிப்பெண் வரும்.

எல்லைக் குடும்பங்கள் இந்தச் சோதனையில்தான் விழிப்பாக இருக்க வேண்டும். ஹெர்ட்ஸும் டெசிபலும் எந்த மொழிக்கும் பொது, சொற்பட்டியல் அப்படியல்ல. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஆச்சியிடம் மலையாளச் சொற்களைச் சொல்லிச் சோதித்தால், காது கேட்டும் சொல் பழக்கமில்லாமல் மதிப்பெண் குறையும். பெரியவர்களின் வீட்டுமொழி தமிழ் என்பதை முதலிலேயே சொல்லி, தமிழ்ச் சொற்பட்டியல் கேளுங்கள். திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கப்பட்ட நிஷ் என்னும் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

தாளே பிழையாவதும் உண்டு. அறையில் இரைச்சல் இருந்தால் 250, 500இல் கோடு பொய்யாக இறங்கும். காதில் குறும்பி அடைத்திருந்தால் இல்லாத தடை தெரியும். மில்லிலிருந்து நேராகச் சோதனைக்குப் போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். முந்தின இரவு முழுவதும் இரைச்சலில்லாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும். சிலர் ஒலி தெளிவாகக் கேட்டால்தான் கை தூக்குவார்கள்; மிக மெல்லியதாகக் கேட்டாலும் தூக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுத் தாளில் 5 டெசிபல் மாறியிருந்தால் அஞ்ச வேண்டாம், அது அளவையின் இயல்பான ஏற்ற இறக்கம்.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பிருந்தால் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பிருந்தால் காது கேளாதவர். நம் இருவரும் இந்த எல்லைக்குள் வரவில்லை. சான்றிதழ் கிடைக்காது என்பதால் சிகிச்சையும் வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது.

பயிற்சி: உங்கள் வீட்டில் பழைய ஆடியோகிராம் இருந்தால் எடுங்கள். முதலில் வட்டமும் பெருக்கல் குறியும் எங்கே என்று பாருங்கள். பிறகு கோடு சரிகிறதா, படுக்கையாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, எலும்பு வழிக் குறிகள் கோட்டோடு ஒட்டி நிற்கின்றனவா, விலகி மேலே நிற்கின்றனவா என்று பாருங்கள். சராசரி எண்ணைக் கடைசியாகப் படியுங்கள்.